தமிழ்ப் பெட்டியின் எழுத்தைச் சுருங்க விடாதீர்கள்

பட்டான்செருவிலும் ராமச்சந்திராபுரத்திலும் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த ஸ்லைடுகளைத் தயாரிக்கும் நண்பர்களுக்கு,



போன அறுவடைக் காலத்துக்குப் பிறகு இங்கே ஓர் அரங்கில் நடந்த நிலக்கடலைப் பயிற்சிக்கு நான்தான் ஸ்லைடு செய்து கொடுத்தேன். திண்டிவனம் பக்கத்திலிருந்து உழவர்கள் வந்திருந்தார்கள். அவர்களோடு தமிழ் தெரியாத ஆராய்ச்சியாளர்களும் வேற்று மாநில அலுவலர்களும் உட்கார்ந்திருந்தார்கள். இக்ரிசாட் 1972-ல் இங்கே வந்ததிலிருந்து இந்த ஊருக்கு இப்படிப்பட்ட கலப்புக் கூட்டம் புதிதல்ல. அதனால்தான் நம்மில் பலருக்கு இந்த இருமொழி ஸ்லைடு வேலை வருகிறது.

நான்காவது ஸ்லைடு ஓடிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்த ஒரு பெரியவர், பக்கத்திலிருந்த தன் மகளிடம் சொன்னார்: "எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கும்மா. நீ அந்த இங்கிலீஷைப் படிச்சு எனக்குச் சொல்லு." மகள் வேளாண் கல்லூரியில் படிக்கும் பெண். அவள் ஆங்கில வரியைப் படித்து, மனத்துக்குள் தமிழாக்கி, அப்பா காதில் சொல்லிக்கொண்டிருந்தாள். திரையில் அதே செய்தி தமிழிலும் இருந்தது. அந்தப் பெரியவர் நன்றாகத் தமிழ் படிப்பவர். காலையில் பேருந்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டு வந்ததை நானே பார்த்தேன்.

இரண்டு மொழிக்கும் 28 புள்ளி அளவுதான் கொடுத்திருந்தேன். அது நிச்சயம். வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்து பார்த்தேன். ஆங்கிலப் பெட்டி 28-லேயே இருந்தது. தமிழ்ப் பெட்டி 20-க்கு இறங்கியிருந்தது. நான் இறக்கவில்லை, பவர்பாயிண்ட் இறக்கியிருந்தது. இந்த மடலை எழுதக் காரணம் அதுதான். நீங்கள் எனக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்ன பல கோப்புகளிலும் இதே கோளாறு இருக்கிறது.

நடப்பது இதுதான். பவர்பாயிண்டின் ஆயத்த உரைப்பெட்டிகளில், எழுத்து பெட்டிக்குள் அடங்காவிட்டால் அளவைத் தானே குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதி, பிறகு மொழிபெயர்த்து, இரண்டையும் ஒரே அகலமுள்ள இரண்டு பெட்டிகளில் போடுகிறோம். தமிழ்ச் சொல் நீளமானது. வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் அவை தனித்தனிச் சொற்களாக நின்று, வரியை எங்கே வேண்டுமானாலும் மடக்க விடுகின்றன. ஆங்கிலம் மூன்று வரியில் முடிகிற இடத்தில் தமிழ் ஐந்து வரி கேட்கிறது. பெட்டி நிரம்புகிறது, எழுத்து சுருங்குகிறது. கோப்பின் உள்ளே பார்த்தால் தமிழ்ப் பெட்டியில் இப்படி ஒரு வரி எழுதப்பட்டிருக்கும்:

```xml
<a:normAutofit fontScale="70000" lnSpcReduction="20000"/>
```

முதல் எண்ணுக்கு எழுத்தளவை 70 சதவீதமாக்கு என்று பொருள். 28 புள்ளியில் 70 சதவீதம் என்றால் ஏறக்குறைய 20 புள்ளி. இரண்டாவது எண்தான் இன்னும் கொடுமை. வரி இடைவெளியில் 20 சதவீதத்தைக் குறை என்கிறது அது. ஆங்கிலத்துக்கு இந்தக் குறைப்பு பெரிய சேதமில்லை. தமிழில் கு, மு, ணு போன்ற எழுத்துகள் கீழே இறங்கும்; கி, கீ, மீ போன்றவை மேலே எழும். இடைவெளி நெருங்கினால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் கொம்பும் முட்டிக்கொள்ளும். புள்ளிகளோ மேல்வரியின் அடிப்பகுதியில் கலந்து காணாமல் போகும். அந்தப் பெரியவர் "சின்னதா இருக்கு" என்று சொன்னதில் அளவு பாதிதான், நெருக்கம் மீதி.

ஆகவே முதல் வேலையாக அந்த ஏற்பாட்டை நிறுத்துங்கள். பெட்டியை வலது சொடுக்கி Format Shape, அதில் Text Options, அதில் Text Box என்று போனால் Do not Autofit என்று ஒரு தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு தமிழ் பெட்டிக்கு வெளியே வழியும். வழியட்டும். வழிவது கண்ணுக்குத் தெரியும், உடனே சரிசெய்யலாம். சுருங்குவது கண்ணில் படுவதில்லை.

எனக்கு இதைவிட நல்ல வழி ஒன்று பழகிவிட்டது. இரண்டு உரைப்பெட்டிகளுக்குப் பதிலாக இரண்டு நிரல் கொண்ட அட்டவணை ஒன்றைப் போட்டு, கோடுகளை எடுத்துவிடுவேன். ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு வரிசை. அட்டவணையின் கட்டத்துக்குள் எழுத்து தானாகச் சுருங்குவதில்லை, கட்டம்தான் கீழ்நோக்கி வளர்கிறது. இன்னொரு பயனும் உண்டு: தமிழில் முதல் கருத்து மூன்று வரி, ஆங்கிலத்தில் இரண்டு வரி என்றாலும் இரண்டாவது கருத்து இரு பக்கத்திலும் ஒரே உயரத்தில் தொடங்கும். பேசுகிறவர் திரையைச் சுட்டிக் காட்டும்போது இரண்டு மொழிக்காரர்களும் ஒரே இடத்தைப் பார்ப்பார்கள். தனித்தனிப் பெட்டிகளில் இது அமைவதே இல்லை. மூன்றாவது கருத்துக்குப் போவதற்குள் தமிழ் ஒரு பக்கம் தாழ்ந்து, ஆங்கிலத்தின் கீழே வெற்றிடம் விழுந்துவிடும்.

நிரல்களின் அகலத்தைச் சரிபாதியாக வைக்காதீர்கள். இப்போதைய அகலத்திரை ஸ்லைடு 33.87 சென்டிமீட்டர். இரு ஓரத்திலும் ஒன்றரை சென்டிமீட்டர், நடுவில் ஒரு சென்டிமீட்டர் விட்டால் கிட்டத்தட்ட 30 மிஞ்சும். அதில் தமிழுக்கு 16.5, ஆங்கிலத்துக்கு 13.3 என்று பிரிக்கிறேன். "தமிழுக்கு அதிக இடம் கொடுப்பது ஒருதலைப்பட்சம்" என்று ஒரு நண்பர் சொன்னார். நான் அதை ஒப்பவில்லை. இரண்டு விருந்தாளிகளுக்கு ஒரே அளவு செருப்பு வாங்கி வைப்பதைச் சமம் என்று யாரும் சொல்வதில்லை. ஸ்லைடில் சமமாக இருக்க வேண்டியது படிக்கிறவருக்கு ஆகும் சிரமம்.

எழுத்தளவிலும் இதே நியாயம்தான். இரண்டுக்கும் 28 என்று போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். எழுத்துருவின் புள்ளி அளவு என்பது எழுத்து அமர்ந்திருக்கும் கட்டத்தின் அளவு. அந்தக் கட்டத்துக்குள் எழுத்து எவ்வளவு பெரிதாக வரையப்பட்டிருக்கிறது என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். எண்ணை நம்பாமல் கண்ணால் பாருங்கள். ஒரு வெற்று ஸ்லைடில் 96 புள்ளியில் `xபH` என்று தட்டுங்கள். நடுவில் நிற்கும் ப, இடப்பக்கத்துச் சின்ன x-ஐவிட உயரமாகவும் வலப்பக்கத்துப் பெரிய H-ஐவிடக் குட்டையாகவும் இருக்க வேண்டும். x அளவுக்கே நின்றுவிட்டால் தமிழின் எண்ணைக் கூட்டுங்கள். ண, ஞ, ஜ போன்றவற்றின் சுழிகளுக்கு உள்ளே வெள்ளை இடம் வேண்டும். ஆங்கிலச் சிற்றெழுத்தின் உயரத்தில் அந்தச் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

இரண்டு மொழிக்கும் சேர்த்து வரைந்த எழுத்துருக்கள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன: கேட்டமரான், முக்த மலர், ஹிந்த் மதுரை. நோட்டோ சான்ஸ் தமிழை நோட்டோ சான்ஸ் ஆங்கிலத்தோடு இணைத்தாலும் நன்றாக அமைகிறது. தடித்த எழுத்து வேண்டுமென்றால் அந்த எழுத்துருவில் உண்மையிலேயே தடித்த வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மென்பொருள் கோட்டை ஊதிப் பெரிதாக்கும், சுழிகள் மூடிக்கொள்ளும்.

இதில் நான் பட்ட இன்னோர் அடியையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒழுங்காக இருந்த ஸ்லைடு அரங்கத்துக் கணினியில் வரி மாறி நின்றது. காரணம், பவர்பாயிண்டின் பல வார்ப்புருக்களில் தமிழுக்கென்று லதா எழுத்துரு குறிக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸ் 10 முதல் லதா எல்லாக் கணினியிலும் தானாக நிறுவப்படுவதில்லை. தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்ற கூடுதல் தொகுப்பில் இருக்கிறது. என் மடிக்கணினியில் அது இருந்தது, அங்கே இல்லை. அதனால் அங்கே நிர்மலா வந்து உட்கார்ந்தது. இரண்டுக்கும் அகலம் வேறு. மேலே Home பட்டையில் எழுத்துருவை மாற்றினால் தேர்ந்தெடுத்த சொற்கள் மட்டும் மாறும். அடுத்து சேர்க்கும் ஸ்லைடில் பழைய எழுத்துரு திரும்பி வரும். வேரில் மாற்ற வேண்டுமென்றால் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து, பின்னொட்டை `.zip` என்று மாற்றித் திறந்து, `ppt/theme/theme1.xml` என்ற கோப்பில் தலைப்புக்கான `majorFont`, உடல் எழுத்துக்கான `minorFont` ஆகிய இரண்டு பகுதிகளிலும் இப்படி வைத்து, பின்னொட்டை மறுபடி `.pptx` என்று மாற்றலாம்:

```xml
<a:latin typeface="Noto Sans"/>
<a:ea typeface=""/>
<a:cs typeface="Noto Sans Tamil"/>
<a:font script="Taml" typeface="Noto Sans Tamil"/>
```

இந்த எழுத்துரு அரங்கத்துக் கணினியிலும் இருக்க வேண்டும். இதற்குள் போக விருப்பமில்லாதவர்கள், அரங்கத்துக்குப் பிடிஎஃப் ஆக எடுத்துச் செல்லுங்கள். அசைவுகள் போய்விடும், எழுத்து அப்படியே நிற்கும்.

இனி எது முதலில் என்ற கேள்வி. நம் குழுவில் அதிகம் சண்டை நடப்பது இதில்தான். மேலே ஆங்கிலம், கீழே தமிழ் என்று அடுக்கினால் தமிழ், சினிமா வசனத்தின் அடிக்குறிப்பு போல ஆகிவிடுகிறது. தலைகீழாக அடுக்கினால் ஆங்கிலத்துக்கு அதே கதி. அயர்லாந்தின் சாலைப் பலகைகளைப் பாருங்கள். ஐரிஷ் மொழிப் பெயர் மேலே இருக்கும். ஆனால் சாய்ந்த எழுத்தில். ஆங்கிலப் பெயர் கீழே இருக்கும். ஆனால் நிமிர்ந்த பெரிய எழுத்துகளில். முதலிடம் ஐரிஷுக்கு, கண் போவது ஆங்கிலத்துக்கு. இடத்தை மட்டும் கொடுத்துவிட்டு எடையைக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியவில்லை. நம் ஸ்லைடுகளிலும் இதே பிழை உண்டு: ஆங்கிலத் தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில், தமிழ்த் தலைப்பு சாம்பல் நிறத்தில் சாய்ந்து கிடக்கும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லை. சாய்வெழுத்து மரபும் இல்லை; சாய்த்தால் எழுத்து தள்ளாடுகிறது. ஒரு மொழியில் இல்லாத ஆயுதத்தை மற்ற மொழியில் எடுக்காதீர்கள். ஆங்கிலத் தலைப்பை முதலெழுத்து மட்டும் பெரிதாக எழுதுங்கள். அழுத்தம் வேண்டிய இடத்தில் இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே தடிப்பு.

தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகைகளுக்குத் தமிழ், ஆங்கிலம், பிற மொழி என 5:3:2 என்ற விகிதம் சொல்லப்படுகிறது. அதை ஸ்லைடுக்கும் கொண்டுவரலாம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். பெயர்ப்பலகை என்பது இரண்டு சொல். நின்று பார்த்துவிட்டுப் போவது. ஸ்லைடு படித்துப் புரிந்துகொள்வது. ஐந்துக்கு மூன்று என்று வைத்தால் அன்றைக்கு அப்பா காதில் மகள் ஓதியதுபோல, ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு யாராவது ஓத வேண்டியிருக்கும். அதுவும் வேண்டாம்.

என் முடிவு இது. அடுக்க வேண்டாம், பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இடப்பக்கம் முதலில் படிக்கப்படும் என்பதால், அந்த அரங்கில் எந்த மொழிக்காரர்கள் அதிகமோ அவர்களுக்கு இடப்பக்கம். ஒரு கோப்பில் முடிவு செய்ததைக் கடைசி ஸ்லைடு வரை மாற்றாதீர்கள். நியாயம் என்று நினைத்து ஸ்லைடுக்கு ஸ்லைடு இடம் மாற்றினால், பார்க்கிறவர் ஒவ்வொரு முறையும் தன் மொழியைத் தேட வேண்டியிருக்கும். அசைவு வைத்திருந்தால் தமிழும் ஆங்கிலமும் ஒரே சொடுக்கில் வர வேண்டும். இரண்டாவதற்கு With Previous என்று கொடுங்கள். ஆங்கிலம் முதலில் வந்து, பேசுகிறவர் விளக்கி முடித்த பிறகு தமிழ் வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்குள் ஆங்கிலம் தெரிந்தவர்கள் தலையாட்டி முடித்திருப்பார்கள்.

அந்த நான்காவது ஸ்லைடை எப்படித் திருத்தினேன் என்று சொல்கிறேன். நிலக்கடலையில் பூஞ்சண நச்சு வராமல் காய வைப்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் இருந்தது `Dry pods to below 8% moisture.` தமிழில் நான் எழுதியிருந்தது: "காய்களின் ஈரப்பதம் 8 சதவீதத்திற்கும் குறைவான அளவை அடையும் வரை உலர்த்தப்படுதல் வேண்டும்." இப்படிக் களத்துமேட்டில் யாரும் பேசமாட்டார்கள். எழுத்து சுருங்கியதற்கு மென்பொருள் பாதிக் காரணம், இந்த வாக்கியம் பாதிக் காரணம். "ஈரப்பதம் 8%-க்குக் கீழே வரும்வரை காய வையுங்கள்" என்று மாற்றியதும் வரி ஒன்று குறைந்தது.

ஆனாலும் ஈரப்பதத்தை அளக்கும் கருவி எல்லார் வீட்டிலும் இல்லை. காய்ந்ததா என்று உழவர் எப்படிப் பார்ப்பார்? காயைக் காதருகே வைத்துக் குலுக்குவார். உள்ளே பருப்பு கலகலவென்று ஒலித்தால் காய்ந்துவிட்டது. "குலுக்கினால் கலகலவென்று ஒலிக்க வேண்டும்" என்று இரண்டாவது வரியாகச் சேர்த்தேன். அதைப் பார்த்துத்தான் ஆங்கிலத்தில் `Shake a pod: the kernels should rattle.` என்று எழுதினேன். ஒரு வரியாவது தமிழில் பிறந்து ஆங்கிலத்துக்குப் போக வேண்டும். எல்லா வரிகளும் ஒரே திசையில் போனால், எந்த எழுத்துருவைப் போட்டாலும் தமிழ்ப் பக்கம் மொழிபெயர்ப்பாகத்தான் தெரியும். தலைப்பில் "நிலக்கடலை" என்று இருந்ததை "நிலக்கடலை (மல்லாட்டை)" என்றும் மாற்றினேன். திண்டிவனம் பக்கத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

8% என்ற எண்ணை இரண்டு நிரலிலிருந்தும் எடுத்து, மேலே நடுவில் பெரிதாகப் போட்டேன். எண் இரண்டு மொழிக்கும் பொது. பிடுங்கிய செடிகளைக் காய்கள் மேலே பார்க்கும்படி தலைகீழாக வரிசையாக அடுக்கிய படமும் பொது. பொதுவானவை முழு அகலத்தில் மேலே, சொற்கள் மட்டும் கீழே இரண்டாகப் பிரியட்டும். இடம் எவ்வளவு மிச்சமாகிறது என்று செய்து பார்த்தால் வியப்பீர்கள்.

அடுத்த ஸ்லைடில் ஒரு வரைபடம். அதில்தான் நாம் எல்லாரும் தவறுகிறோம். வாக்கியங்களைத் தமிழாக்கிவிட்டு வரைபடத்தை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுகிறோம், ஏனென்றால் அது படமாக ஒட்டப்பட்டிருக்கும். அச்சில் என்ன அளக்கப்பட்டது, எந்த நிறம் எதைக் குறிக்கிறது, எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் படிக்கிறவருக்கு முடிவு மட்டும் கிடைக்கிறது. அதற்கான ஆதாரம் கிடைப்பதில்லை. சொன்னதை நம்பிக்கொள் என்று அவரிடம் சொல்வதற்கு அது சமம். வரைபடத்தின் மூலத் தரவைக் கேட்டு வாங்கி மறுபடி வரையுங்கள். தரவு கிடைக்காவிட்டால் ஆங்கிலக் குறிப்புகளின் மேல் வெள்ளைப் பெட்டி வைத்து இரண்டு மொழியிலும் எழுதுங்கள். நிறக்குறிப்புப் பட்டியலை எடுத்துவிட்டு ஒவ்வொரு தூணின் மேலேயே பெயரை எழுதினால் இரண்டு மொழிக்கும் இடம் இருக்கும்.

அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். எங்கள் அரங்கில் திரையின் உயரம் 1.8 மீட்டர், கடைசி வரிசை 12 மீட்டர் தூரத்தில். அதாவது திரையின் உயரத்தைப்போல் ஆறே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. என் 14 அங்குல மடிக்கணினித் திரையின் உயரம் 17.4 சென்டிமீட்டர், அதை அதே மடங்கால் பெருக்கினால் சுமார் 1.16 மீட்டர். ஸ்லைடை முழுத்திரையில் வைத்துவிட்டு அவ்வளவு தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், கடைசி வரிசைக்காரர் பார்ப்பதை நான் பார்க்கிறேன். முதலில் ஒரு காகிதத்தால் ஆங்கிலப் பக்கத்தை மறைத்துவிட்டு எல்லா ஸ்லைடுகளையும் படிக்கிறேன். பிறகு தமிழை மறைத்துவிட்டுப் படிக்கிறேன். ஏதாவது ஒரு சுற்றில் காகிதத்தை விலக்கிப் பார்க்கத் தோன்றினால், அந்த ஸ்லைடு இன்னும் முடியவில்லை. வீட்டில் ஐம்பது வயதைத் தாண்டியவர் யாராவது இருந்தால் அவரை உட்கார வைப்பது இன்னும் நல்லது. என் அம்மா இரண்டு முறை உட்கார்ந்தார்.

நண்பர்களே, அடுத்த பயிற்சிக்கான உங்கள் கோப்புகள் இப்போது உங்கள் கணினியில் இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து, தமிழ்ப் பெட்டிக்குள் சொடுக்கி, மேலே எழுத்தளவு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 28 அல்லாமல் 19.6 என்பதுபோல் இருந்தால், அது நீங்கள் கொடுத்த அளவு அல்ல. இன்றைக்கே திருத்திவிடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு இதே வேலையைச் செய்யும் ஒருவன்,
பட்டான்செரு